முகப்புப் பக்கம் நடுவுக்கு வர மறுக்கிறது: Center கொடுத்தும் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 3, இரவு 9.40

வேர்டில் ஆய்வேடு. முகப்பில் மொத்தமே 11 வரிகள்: தலைப்பு இரண்டு வரி, அப்புறம் பட்டத்தின் பெயர், என் பெயர், பதிவு எண், நெறியாளர், துறை, மாதமும் ஆண்டும். இடையில் பல்கலைக்கழகச் சின்னம். பக்கவாட்டில் எல்லாம் நடுவில் அழகாக நிற்கிறது. மேலும் கீழும் சமமாக இடம் விட்டு நிற்க வேண்டும், அதுதான் வரவில்லை.

Layout போய், Page Setup-இன் மூலையில் இருக்கும் குட்டி அம்பை அழுத்தி, உள்ளே Layout தாவலில் Vertical alignment என்பதை Center ஆக்கி OK கொடுத்தேன். முகப்பு அசையவே இல்லை. ஆனால் துணைநூற்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஏழு வரிகள் பக்கத்தின் நடுவில் போய் மிதக்கின்றன! கேட்ட இடத்தில் கொடுக்காமல் கேட்காத இடத்தில் கொடுக்கிறது. Ctrl+Z போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் காட்ட வேண்டும்.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 3, இரவு 9.52

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கோப்பை Print Layout-இல்தான் பார்க்கிறேன். Draft பார்வையில் இது தெரியாது என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

சென்டர்காரன் · மார்ச் 3, இரவு 10.15

அக்கா, எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி Ctrl+E. முடிந்தது.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 3, இரவு 10.17

தம்பி, அது பக்கவாட்டு நடு. நான் கேட்பது மேல்கீழ் நடு.

சென்டர்காரன் · மார்ச் 3, இரவு 10.21

ஓ. அப்படியென்றால் மேலே எட்டு தடவை Enter தட்டுங்கள். எங்கள் கடையில் எல்லோருக்கும் அப்படித்தான் செய்து கொடுக்கிறோம், இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 4, காலை 6.30

திருப்பிக் கொண்டுவராததற்குக் காரணம், அவர்கள் அடுத்த கடைக்கு என்னிடம் வந்துவிடுகிறார்கள்.

அம்மா, நீங்கள் சொன்னதில் துணைநூற்பட்டியல் சேதிதான் முக்கியம். Center வேலை செய்யவில்லை என்பது சரியல்ல, அது முழு ஆவணத்துக்கும் வேலை செய்துவிட்டது. உங்கள் கோப்பில் ஒரே ஒரு பிரிவுதான் இருக்கிறது. அப்படி இருந்தால் அந்தப் பெட்டியில் Apply to என்ற இடத்தில் Whole document என்றுதான் இருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பக்கம் நிரம்பியிருந்தால் நடுவுக்கு நகர்த்த இடம் இல்லை, அதனால் நிரம்பிய பக்கங்களில் ஒரு மாற்றமும் தெரியாது. அரைகுறையாக முடிகிற பக்கம் மட்டும் மிதக்கும். இயல்கள் முடிகிற பக்கங்களையும் போய்ப் பாருங்கள், அங்கேயும் மிதந்திருக்கும்.

இப்போது கேள்வி: 11 வரி முகப்பு ஏன் மிதக்கவில்லை? வேர்டின் கணக்கில் அந்தப் பக்கமும் நிரம்பியிருக்கிறது, அதனால்தான். முகப்பில் ஒரு வரி புதிதாகச் சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தின் தலைப்பு ஒரு வரி கீழே இறங்குகிறதா? இறங்கினால் எனக்கு விடை தெரிந்துவிடும்.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 4, காலை 8.05

இறங்குகிறது ஐயா! இரண்டாம் பக்கத்தில் நெறியாளர் சான்றிதழ். அதன் தலைப்பு ஒரு வரி கீழே போய்விட்டது.

மீண்டும் Center கொடுத்தும் பார்த்தேன். இரண்டாம் இயலின் கடைசிப் பக்கமும் நான்காம் இயலின் கடைசிப் பக்கமும் மிதக்கின்றன. முதலில் துணைநூற்பட்டியலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். திரும்ப Ctrl+Z.

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 4, காலை 8.40

அப்படியென்றால் முகப்பின் கடைசி வரிக்குக் கீழே Enter தட்டித் தட்டியே சான்றிதழை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள். Ctrl+Shift+8 அழுத்துங்கள், Home தாவலில் ¶ பொத்தானை அழுத்தினாலும் அதேதான். ஒவ்வொரு வெற்று வரியும் ¶ குறியாகத் தெரியும். எண்ணிச் சொல்லுங்கள், சும்மா ஆர்வத்துக்குக் கேட்கிறேன்.

நம் கண்ணுக்கு அது வெற்றிடம். வேர்டுக்கு அது எழுத்தில்லாத பத்தி, அவ்வளவுதான். 11 வரியும் வெற்றுப் பத்திகளும் சேர்ந்து பக்கத்தை அடைத்துக்கொண்டால் நடுவில் வைக்க மிச்சம் ஏது?

செய்ய வேண்டியது இது. முதலில் அந்த ¶ எல்லாவற்றையும் அழியுங்கள், சான்றிதழ் முகப்புக்குள் ஏறி வரும், பயப்பட வேண்டாம். சான்றிதழ் தலைப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து Layout, Breaks, Next Page. அதே பட்டியலில் மேலே Page என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம். அது பக்கத்தை மட்டும் உடைக்கும், பிரிவை உடைக்காது. Section Breaks என்ற தலைப்பின் கீழ் இருக்கும் Next Page-தான் வேண்டும். அப்புறம் முகப்பில் கர்சரை வைத்துப் பழையபடி Page Setup பெட்டிக்குப் போய் Center கொடுங்கள், Apply to என்ற இடத்தில் This section இருக்கிறதா என்று பார்த்து OK.

கூட்டுறவு · மார்ச் 4, காலை 10.10

எனக்கும் இதே பிரச்சினை. அட்டவணையில் உறுப்பினர் பெயர் கட்டத்தின் மேலே ஒட்டிக்கொள்கிறது, நடுவில் வரவில்லை. இந்த Next Page போட்டால் பட்டியல் இரண்டாக உடைந்துவிடாதா?

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 4, காலை 10.30

உடையும், போட்டுவிடாதீர்கள். உங்களுடையது கட்டத்தின் சங்கதி, பக்கத்தினுடையது அல்ல. அட்டவணைக்குள் கர்சரை வைத்தால் மேலே அட்டவணைக்கென்று இன்னொரு Layout தாவல் வரும். அதில் ஒன்பது குட்டிக் கட்டங்களில் நடுக் கட்டம்.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 4, பகல் 1.20

24 இருந்தன ஐயா. இருபத்து நான்கு ¶. வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் அழித்து Next Page போட்டேன், Center கொடுத்தேன், This section என்று பார்த்தேன். இப்போது சான்றிதழ் பக்கம் நடுவில் வந்துவிட்டது. முகப்பு அப்படியே மேலே. ஏதோ சாபம்.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 4, பகல் 1.34

சாபம் இல்லை. நானே கண்டுபிடித்தேன். Next Page போட்டதும் கர்சர் சான்றிதழ் பக்கத்துக்குத் தாவி நின்றிருக்கிறது, நான் கவனிக்காமல் அங்கிருந்தே பெட்டியைத் திறந்திருக்கிறேன். This section என்றால் கர்சர் இருக்கிற பிரிவு. அது இரண்டாம் பிரிவு. அதைத் திரும்ப Top ஆக்கி, முகப்பில் ஒரு தடவை சொடுக்கிவிட்டு மறுபடி Center கொடுத்தேன்.

வந்துவிட்டது!! கிட்டத்தட்ட.

இரவுப்பணி · மார்ச் 4, பகல் 2.00

இந்தக் குழப்பம் வராமல் இருக்க, கீழே நிலைப்பட்டையில் வலது சொடுக்கு சொடுக்கி Section என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கர்சர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று எப்போதும் எண் தெரியும். முகப்பில் 1, மற்றதில் 2.

இன்னொரு பள்ளம்: Apply to பட்டியலில் This point forward என்று ஒன்று உண்டு. கர்சர் இருக்கும் இடத்திலேயே வேர்டு தானாக ஒரு பிரிவை உடைத்து, அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் நடுவாக்கும். தலைப்பின் நடுவில் கர்சரை வைத்துக்கொண்டு அதைக் கொடுத்த ஒருவரின் கோப்பு என்னிடம் வந்தது. தலைப்பின் முதல் பாதி ஒரு பக்கம் மேலே, மீதி அடுத்த பக்கம் நடுவில். அவர் அச்சுப்பொறி பழுது என்று ஆளையே வரவழைத்துவிட்டார்.

சென்டர்காரன் · மார்ச் 4, பகல் 2.25

இதற்கு Insert தாவலில் Cover Page என்று தயாராகவே இருக்கிறதே. அதை எடுத்துப் போட்டால் பிரிவு, முறிவு ஒன்றும் வேண்டாம்.

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 4, பகல் 3.10

தம்பி சொல்வது பாதி சரி. அது முதல் பக்கமாக உட்காரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த மாதிரிகள் பலவற்றில் தலைப்பு மிதக்கும் பெட்டியில் இருக்கும். பக்கத்தில் குறித்த இடத்தில் மிதப்பது எதையும் Center தொடாது. பத்திகளாக ஓடுகிற எழுத்தைத்தான் அது நகர்த்தும். பெட்டி எங்கே குத்தி வைக்கப்பட்டதோ அங்கேயே நிற்கும்.

அம்மா, "கிட்டத்தட்ட" என்றீர்களே, என்ன குறை?

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 4, மாலை 6.45

இரண்டு குறை ஐயா. ஒன்று, எழுத்தெல்லாம் கீழே இறங்கிவிட்டது, சின்னம் மட்டும் பழைய இடத்திலேயே நின்று தலைப்பை மறைக்கிறது. நீங்கள் மேலே எழுதியதைப் படித்ததும் புரிந்துவிட்டது, சின்னமும் மிதக்கிறது. படத்தைச் சொடுக்கியதும் பக்கத்தில் வருகிற குட்டிப் பொத்தானில் In Front of Text என்று இருந்தது. In Line with Text ஆக்கினேன், வரியோடு வரியாக உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது: அச்செடுத்து அடிக்குச்சி வைத்து அளந்தேன். மேலே 7.9 செ.மீ., கீழே 9 செ.மீ. A4-இன் உயரம் 29.7. ஓரம் மேலும் கீழும் 2.5 தான். இந்த ஒரு செ.மீ. எங்கிருந்து வந்தது?

இரவுப்பணி · மார்ச் 4, இரவு 7.30

அடிக்குச்சியா! சரி, அளந்தது நல்லதுதான்.

கடைசி வரிக்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருக்கிறது. ¶ காட்டி வைத்துப் பாருங்கள், Section Break (Next Page) என்று எழுதிய இரட்டைப் புள்ளிக்கோடு தனி வரியில் இருக்கும். சான்றிதழ் தலைப்புக்கு முன்னால் கர்சரை வைத்து உடைத்தால் அந்த முறிவு தனக்கென ஒரு வெற்றுப் பத்தியை எடுத்துக்கொள்ளும். அந்த வரியின் உயரமும், பத்திக்குப் பின்னால் விடும் இடைவெளியும் சேர்த்துத்தான் வேர்டு நடுவைக் கணக்கிடுகிறது. 1.1 செ.மீ. வெற்றுவரி கீழே ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரிகிற எழுத்து அதில் பாதி, அதாவது அரை செ.மீ.க்குக் கொஞ்சம் கூட, மேலே ஏறும். மேலே குறையும், கீழே கூடும், மொத்த வித்தியாசம் 1.1. உங்கள் அளவு சரியாக ஒத்துப்போகிறது.

மாதமும் ஆண்டும் இருக்கும் வரியின் முடிவில் கர்சரை வைத்து Delete ஒரே ஒரு தடவை. முறிவு அந்த வரியின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு தடவை தட்டிவிடாதீர்கள்.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 4, இரவு 8.02

ஒரு தடவைதான் தட்டினேன். ஆண்டு இருந்த வரி இடது ஓரத்துக்கு ஓடிவிட்டது.

சென்டர்காரன் · மார்ச் 4, இரவு 8.04

Ctrl+E 😌

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 4, இரவு 8.06

சரி தம்பி, இந்த முறை உனக்குத்தான் வெற்றி. இப்போது மேலே 8.4, கீழே 8.5. போதும்.

கூட்டுறவு · மார்ச் 5, காலை 11.00

கட்டம் சரியாகிவிட்டது, நன்றி. ஆர்வம் வந்து எங்கள் சங்க ஆண்டறிக்கையின் முகப்புக்கும் இந்த வித்தையைச் செய்தேன். பிரிவு உடைத்தேன், வெற்று வரி இல்லை, வாலிலும் ஒன்றும் இல்லை. இருந்தும் அளந்தால் ஒன்றேகால் செ.மீ. கீழே இறங்கி நிற்கிறது. சங்கத்தின் பெயர் ஏற்கெனவே அச்சடித்த தாள் என்பதால் மேல் ஓரம் 5 செ.மீ. விட்டிருக்கிறேன், கீழே 2.5.

இரவுப்பணி · மார்ச் 5, காலை 11.40

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். Center என்பது தாளின் நடு இல்லை, மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இடையிலான நடு. தாளின் நடு 14.85-இல். உங்கள் எழுத்துப் பரப்பு 5-இல் தொடங்கி 27.2-இல் முடிகிறது, அதன் நடு 16.1. வித்தியாசம் 1.25. தாள் நடுவே வேண்டுமென்றால் முகப்புப் பிரிவுக்கு மட்டும் கீழ் ஓரத்தையும் 5 ஆக்குங்கள். அதுவும் பிரிவுக்குப் பிரிவு மாற்றக்கூடியதுதான்.

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 5, பகல் 12.15

மாற்றாதீர்கள் என்பது என் கட்சி. மேலே சங்கத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது, அதற்குக் கீழே மிஞ்சிய வெள்ளைக்குத்தான் நடு பார்க்க வேண்டும்.

இரவுப்பணி · மார்ச் 5, பகல் 12.20

கண்ணுக்கு நடு என்பது எப்போதும் அளவு நடுவை விடக் கொஞ்சம் மேலே. இறங்கி நின்றால் சரிகிற மாதிரி இருக்கும்.

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 5, பகல் 12.31

உங்கள் கண்ணுக்கு.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 9, இரவு 11.15

திரும்பவும் மேலே போய்விட்டது!!

வெள்ளிக்கிழமை காட்டினேன், முகப்பைப் பற்றி நெறியாளர் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாம் இயலைப் பற்றி நிறையச் சொன்னார். இன்று பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். சான்றிதழுக்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் தெரிந்ததால் Backspace தட்டினேன். முகப்பும் சான்றிதழும் ஒன்றாகச் சேர்ந்தன. இடையில் Ctrl+Enter போட்டுப் பிரித்துவிட்டேன். இப்போது முகப்பு மேலே. Ctrl+Z-க்கு வழியில்லை, சேமித்து மூடித் திறந்தாயிற்று.

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 10, காலை 6.20

முறிவை அழித்துவிட்டீர்கள். மூட்டைக்கு முடிச்சு வாயில் இருப்பது போல, ஒரு பிரிவின் அமைப்பெல்லாம் அதன் கடைசியில் இருக்கும் முறிவுக்குள்தான் இருக்கிறது. முடிச்சை அவிழ்த்தால் முன்னால் இருந்த சரக்கு பின்னால் இருக்கும் மூட்டையில் போய்க் கலந்து அதன் அமைப்பை எடுத்துக்கொள்ளும். உங்கள் இரண்டாம் பிரிவு Top, ஆகவே முகப்பும் Top. பலர் நேர்மாறாக, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைப் பார்த்து மாறும் என்று நினைக்கிறார்கள்.

Ctrl+Enter அங்கே உதவாது. அதை அழித்துவிட்டு அதே இடத்தில் Next Page, முகப்பில் கர்சர், Center. இரண்டு நிமிட வேலை.

இரவுப்பணி · மார்ச் 10, காலை 9.00

மூட்டையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: .docx கோப்பின் நகல் ஒன்றை .zip என்று பெயர் மாற்றித் திறந்தால் உள்ளே word/document.xml இருக்கும். முகப்பின் கடைசிப் பத்திக்குள் இப்படி ஒரு துண்டு (நடுவில் சில வரிகளை விட்டுவிட்டேன்):

```
<w:sectPr>
  <w:pgSz w:w="11906" w:h="16838"/>
  <w:vAlign w:val="center"/>
</w:sectPr>
```

vAlign வரி முகப்பின் துண்டில் இருந்தால் சரி. கோப்பின் கடைசியில் இருக்கும் sectPr-இல் போய் உட்கார்ந்திருந்தால், மார்ச் 4 பகல் 1.20-க்கு நடந்த கதைதான்.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 10, இரவு 9.30

சரியாகிவிட்டது. ஆனால் என் புலம்பலில் ஒரு திருத்தம்: அந்த வெற்றுப் பக்கம் சும்மா வரவில்லை. அதற்கு முந்தைய நாள் முறிவுக்கு முன்னால் நானே ஒரு Ctrl+Enter போட்டிருந்திருக்கிறேன், எதற்கென்று நினைவில்லை. அதை மட்டும் அழித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ¶ காட்டாமல் எதையும் அழிப்பதில்லை.

கட்டற்றவன் · மார்ச் 11, காலை 7.50

இவ்வளவு பேசியாயிற்று, லிப்ரே ஆபீஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 11, மாலை 4.10

நல்ல நேரத்தில் வந்தீர்கள். துறைக் கணினியில் இருப்பது அதுதான். கோப்பைத் திறந்தேன், முகப்பு மேலே. இந்த முறை முறிவு பத்திரமாக இருக்கிறது.

கட்டற்றவன் · மார்ச் 11, மாலை 5.00

மனசு கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ரைட்டரின் பக்கப் பாணியில் மேல்கீழ் நடு என்ற அமைப்பே கிடையாது. கோப்பில் இருந்தாலும் காட்ட அதற்கு வழி இல்லை. முகப்பு எழுத்தை ஒரு சட்டத்துக்குள் போட்டு, அந்தச் சட்டத்தின் நிலையைச் செங்குத்தாக நடு என்று வைத்தால் வரும். கூகுள் டாக்ஸிலும் இதே குறை, அங்கே பக்கம் உயரத்துக்கு ஒற்றைக் கட்ட அட்டவணை போட்டுக் கட்டத்துக்குள் நடுவாக்குவார்கள்.

பழைய டைப்பிஸ்ட் · மார்ச் 11, மாலை 5.45

அம்மா, நீங்கள் சட்டமெல்லாம் போட வேண்டாம். வேர்டிலேயே பி.டி.எஃப். எடுத்து அதை அச்சுக்குக் கொடுங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் நின்ற இடத்தில் நிற்கும்.

கட்டற்றவன் · மார்ச் 11, மாலை 5.52

நெறியாளர் அதிலேயே திருத்தம் போட்டுத் திருப்பிச் சேமித்தால்? நடு அமைப்பு மிஞ்சுமா?

இரவுப்பணி · மார்ச் 11, இரவு 8.15

சேமித்துத் திரும்ப வேர்டில் திறந்து பார்த்தவர் யாராவது சொல்லுங்கள். நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஆய்வேட்டு அவஸ்தை · மார்ச் 19, மாலை 6.30

அச்சாகி வந்துவிட்டது. உள்முகப்பு 8.4-க்கு 8.5, அடிக்குச்சி சாட்சி. கெட்டி அட்டையில் பொன்னெழுத்து பைண்டிங் கடைக்காரர் தனியாகக் கோத்து அடிப்பது. அதற்கும் என் வேர்டு கோப்புக்கும் சம்பந்தமே இல்லை. தலைப்பை உச்சியில் அடித்து வைத்திருக்கிறார்.

சென்டர்காரன் · மார்ச் 19, மாலை 6.41

அக்கா, அவர் எந்த Section-இல் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.